அது சட்டம் கூட்டியது, இது அவள் கேட்டது



அட்டன் டவுனில் ஒரு சுற்று நடந்தால் பார்மசி, புடவைக்கடை, ஹார்ட்வெயார், போன் கடை என்று எங்கே ஏறினாலும் பில் போடுகிற மேசையில் ஒரு தோட்டத்துப் பிள்ளை இருப்பாள். பாதிப் பேர் எங்களிடம் படித்தவர்கள். சாதாரண தரமோ உயர் தரமோ முடித்து, வீட்டுக்கு ஒரு கை உதவியாக வந்தவர்கள். வேலைக்குச் சேரும்போது முதலாளி சொல்கிற சம்பளத்துக்குத் தலையாட்டுவார்கள். அதற்குப் பிறகு சம்பளத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அப்படிப்பட்ட ஒரு பிள்ளை முதல் தடவையாக வாய் திறப்பதற்கு எப்படித் தயாரானாள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். அவள் அனுமதி தந்திருக்கிறாள். பெயரும் கடையும் வேண்டாம் என்றாள். எழுதவில்லை.

அவள் 2023 தொடக்கத்தில் அந்தக் கடையில் சேர்ந்தாள். சம்பளம் 25,000. இரண்டு வருடம் அதே 25,000. 2025 இல் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் திருத்தப்பட்டு, ஏப்ரலிலிருந்து மாதம் 27,000 க்குக் குறையக்கூடாது என்று வந்ததும் அவளுக்கு 27,000 ஆனது. அதே சட்டப்படி 2026 ஜனவரியில் 30,000 ஆனது. முதலாளியின் கணக்கில் இரண்டு தடவை சம்பளம் கூட்டியாகிவிட்டது. ஆனால் அதே ஜனவரியில் புதிதாகச் சேர்ந்த, பில் மெஷினை அப்போதுதான் பழகுகிற பிள்ளைக்கும் 30,000 தான். மூன்று வருடம் வேலை செய்ததற்கு ஒரு சதம் கூடவில்லை என்பது அவளுக்கு அன்றுதான் உறைத்தது.

எங்களுக்குப் பெரிய டீச்சர் ஒருவர் இருக்கிறார். வர்த்தகமும் கணக்கியலும் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பயிற்சிக் கலாசாலையை விட்டு வந்த புதிதில் எங்களுக்குக் கரும்பலகையில் எழுதப் பழக்கியவரும் அவர்தான். பிள்ளை அவரைத் தேடிப் போனாள். பெப்ரவரி போயா அன்று கடை பூட்டு. டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "ஒராள் முதலாளியா இருக்கணும், ஒராள் பக்கத்துல இருந்து எழுதணும்" என்றார்.

முதல் தடவை அவள் பேசியதை எழுதிய தாள் இன்னும் எங்களிடம் இருக்கிறது. "முதலாளி, வீட்ல கொஞ்சம் கஷ்டம். அப்பாவுக்கும் சொகமில்ல. தம்பி ஏ லெவல் படிக்கிறான். சாமான் வெலையும் கூடிருச்சி. கொஞ்சம் பாத்து ஏதாவது கூட்டிப் போட்டீங்கன்னா…"

வசனத்தை அவள் முடிக்கவில்லை. முடிக்காமல் தரையைப் பார்த்தாள்.

டீச்சர் கோபிக்கவில்லை. "மகள், இதுக்கு முதலாளி என்ன செய்வார் தெரியுமா?" என்று கேட்டார். அவளுக்குத் தெரிந்திருந்தது. போன தீபாவளிக்கு முன்னும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லியிருக்கிறாள். முதலாளி நல்ல மனதோடு லாச்சியைத் திறந்து 5,000 எடுத்துக் கொடுத்தார். அட்வான்ஸ் என்று எழுதினார். மூன்று மாதத்தில் அது சம்பளத்தில் வெட்டுப்பட்டது. தோட்டத்தில் தீபாவளி முற்பணம் வாங்கிப் பழகிய வீட்டுக்கு அது புதிதுமல்ல.

"கஷ்டத்தச் சொன்னா கஷ்டத்துக்குத்தான் பதில் வரும்" என்றார் டீச்சர். "அவருக்கு எரக்கம் வந்தா ஒரு நாள் தருவார். நீங்க கேக்கிறது ஒவ்வொரு மாசமும். தம்பி படிச்சி முடிச்சா கொறச்சிருவாரா?"

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தப் பிள்ளைக்குப் பேசத் தெரியாததற்குக் கூச்சம் மட்டும் காரணமில்லை. மலையகத்தில் சம்பளம் என்பது ஒருவர் தன் வாயால் தனக்கென்று கேட்டு வாங்கியதாகவே இருந்ததில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாவில் 16 சதம் கூட்டிக் கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டு இறந்தார். பெண்ணுக்கு ஆணோடு சமமான நாட்சம்பளம் 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் வந்தது. தோட்டங்கள் கம்பனிகளுக்குப் போன பிறகு தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கூட்டு ஒப்பந்தம் எழுதின. வருடக்கணக்காகக் கேட்ட 1,000 ரூபா, 2021 இல் சம்பள நிர்ணய சபையின் மூலம் வர்த்தமானியில் வந்தது. 2024 இல் 1,350 ஆனது. எல்லாமே கூட்டமாகக் கேட்டது, அல்லது நமக்காக வேறொருவர் கேட்டது. அப்படிக் கேட்டதால்தான் கிடைத்தது. அதில் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் டவுன் கடையில் ஐந்து பேர் வேலை செய்கிற இடத்தில் சங்கம் இல்லை. சட்டம் போடுவது ஆகக் குறைந்த கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே எவ்வளவு என்பதை ஒருவரே போய்க் கேட்க வேண்டும். அந்தப் பழக்கம் அவள் வீட்டில் யாருக்கும் இல்லை. அவளே சொன்னாள்: "எங்கம்மா இருவத்தெட்டு வருசமா கொழுந்து எடுக்கிறாங்க டீச்சர். சம்பளம் கூட்டுங்கன்னு ஒரு நாளும் தொரைகிட்ட கேட்டதில்ல."

டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நிறுவையில அம்மா பேச மாட்டாங்களா?" என்று கேட்டார்.

அதைக் கேட்டதும் பிள்ளை சிரித்துவிட்டாள். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியும். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். எத்தனை கிலோ கழிப்பது என்பதில் தினமும் இழுபறி. அவளுடைய அம்மா அங்கே சும்மா நிற்கிறவர் இல்லை. "முள்ளப் பாருங்க. இன்னைக்கி வெயிலு, கொழுந்து காஞ்சி கெடக்கு. மூணு கிலோ எதுக்கு?" என்று கேட்பாராம்.

"அம்மா அங்க தம்பி படிக்கிறதச் சொல்றாங்களா?"

"இல்ல டீச்சர்."

"அப்பாக்குச் சொகமில்லன்னு?"

"இல்ல. முள்ளத்தான் காட்டுவாங்க."

"அப்ப ஒங்களுக்குப் பேசத் தெரியாதுன்னு இல்ல. வீட்டிலயே இருக்கு. ஒங்க முள்ள எடுத்துக் கொண்டாங்க."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேச்சுப் பழகவே இல்லை. எழுதினோம். சேர்ந்தபோது என்ன வேலை, இப்போது என்ன வேலை என்று தாளை இரண்டாக மடித்து எழுதச் சொன்னார். இடது பக்கத்தில் ஒரே வரி: பில் போடுவது. வலது பக்கம் நிரம்பிவிட்டது. சரக்குப் புத்தகம் எழுதுகிறாள். கம்பனிக்காரர்களுக்குக் கொடுத்த காசோலைகள் எந்தத் திகதியில் வங்கிக்கு வரும் என்று பட்டியல் வைத்து, அதற்கு முதல்நாள் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்க்கிறாள். கடன் கொப்பியும் அவள் கையில்தான். அது முன்பு பெயர் வரிசையில் இருந்தது. அவள் அதைத் தோட்டம் தோட்டமாகப் பிரித்து, மாதம் 10 ஆம் திகதி தோட்டச் சம்பளம் போடுகிற நாளுக்கு முன்னே ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து ஞாபகப்படுத்தத் தொடங்கினாள். தொடங்கும்போது வெளியே நின்ற கடன் 4 லட்சத்துக்குக் கிட்ட. இப்போது இரண்டரை லட்சம்.

"இதெல்லாம் சும்மா செய்றதுதானே டீச்சர்" என்றாள். "சும்மா செய்றதுன்னு முதலாளியும் நெனச்சிட்டிருப்பார்" என்றார் அவர். எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம், இரண்டைச் சொன்னால் போதும், அதிலும் முதலாளியே புத்தகத்தில் பார்த்து உறுதிசெய்யக் கூடியதைச் சொல்ல வேண்டும் என்றார். கடன் கொப்பியும் காசோலைப் பட்டியலும் என்று முடிவானது.

அடுத்தது எவ்வளவு என்பது. "ஏதாவது கூட்டிப் போடுங்க" என்றால் ஆயிரம் ரூபாவும் "ஏதாவது" தான். டீச்சர் இரண்டு இலக்கம் எழுதச் சொன்னார். கேட்கப்போவது ஒன்று. எது கிடைத்தால் மனம் நிறைந்து வீட்டுக்குப் போகலாம் என்பது இன்னொன்று. இரண்டாவதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பக்கத்துக் கடைகளில் கணக்குப் பார்க்கிற தோழிகள் மூன்று பேரிடம் விசாரித்திருந்தாள். அதை வைத்துக் கேட்பது 38,000, மனம் நிறைவது 35,000 என்று எழுதினாள்.

பிறகு அந்த 8,000 ஐ முதலாளியின் பக்கம் உட்கார்ந்து கணக்குப் போடச் சொன்னார். சம்பளம் 8,000 கூடினால் முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம் கட்ட வேண்டும், அது 960. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், அது 240. ஆக அவர் கையிலிருந்து மாதம் போவது 9,200. பிள்ளையின் பங்கு 8 வீதம், 640. கையில் கூடுதலாக வருவது 7,360. கேட்கிறவள் மனதில் 7,360 இருக்கும், கொடுக்கிறவர் மனதில் 9,200 இருக்கும். அந்த வித்தியாசம் தெரியாமல் போனால் அவர் முகம் மாறும்போது ஏன் என்று விளங்காது.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. பல கடைகளில், "சரி, 5,000 தாறேன், அலவன்சாப் போடுவோம்" என்பார்கள். வரவுக்கான கொடுப்பனவு, ஊக்கத்தொகை என்று பெயர் வைத்து அதைச் சேமலாப நிதிக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கு இது வழியாகிவிடுகிறது. மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணக்கிடும்போதும் இதே கதைதான். ஒரு நாள் லீவு எடுத்தால் அந்தத் தொகை முழுதாகவும் போகலாம். ஆகவே அதற்கு ஒரு வசனம் தயாராக வேண்டும்: "அடிப்படைச் சம்பளத்தில சேத்துப் போடுங்க முதலாளி." இந்த வசனத்தை மட்டும் ஏழெட்டுத் தடவை சொல்லிப் பழகினாள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களில் ஒருவர் முதலாளியாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். கையில் கல்குலேட்டர். அவள் வந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சரித்து. லயத்துப் பிள்ளைகள் ஓஃபிசுக்கு முன்னால் எப்படி நிற்பார்களோ அப்படி. "கைய எடுங்க மகள். கொப்பியப் புடிங்க" என்றார் டீச்சர். கடன் கொப்பியைக் கையில் பிடித்ததும் உடம்பு தானாக நிமிர்ந்தது.

"முதலாளி, என் சம்பளத்தப் பத்திப் பேசணும். நான் பில் போடத்தான் சேந்தேன். இப்ப கடன் கொப்பியும் செக் கணக்கும் பாக்கிறேன். கடன் நாலு லட்சத்துல இருந்து ரெண்டரைக்கு வந்திருக்கு. இந்த வேலைக்கி 38,000 ஆக்கித் தாங்க."

நாங்கள் முதலாளியாகக் கேட்டோம்: "இப்பதானே ஜனவரியில கூட்டினேன்?"

உடனே அவள், "அது சட்டம் முதலாளி, நேத்து வந்தவளுக்கும் அதேதானே" என்றாள். உண்மைதான். ஆனால் டீச்சர் நிறுத்தினார். இரண்டு காரணம் சொன்னார். சட்டம் என்ற சொல் முதலாவதாக விழுந்தால் கேட்கிறவர் வழக்குக்கு வந்த மாதிரி இறுகிப்போவார். இன்னொன்று, புதுப் பிள்ளையும் உழைக்க வந்தவள்தான். அவளைக் குறைத்துக் காட்டி நம்மை உயர்த்தக் கூடாது. மாற்றி எழுதினோம்: "ஆமா முதலாளி, கூட்டினீங்க. அது சேர்ற எல்லாருக்கும் உள்ளது. நான் கேக்கிறது இந்த ரெண்டு வேலைக்கி."

"டிட்வா புயலுக்குப் பொறகு வியாபாரம் எங்க இருக்கு?" என்று அடுத்து கேட்டோம். இது பொய்ச் சாட்டு இல்லை. போன நவம்பரில் மண்சரிந்து பாதைகள் அடைபட்டதை எல்லோரும் பார்த்தோம். அதை மறுத்துப் பேசக்கூடாது என்றார் டீச்சர். "வெளங்குது முதலாளி. அப்ப எந்த மாசத்துல இருந்து ஏலும்?" என்று திகதி கேட்க வேண்டும். இல்லை என்ற சொல்லை ஒரு திகதியாக மாற்றுவதுதான் அதன் வேலை.

ஆகக் கஷ்டமாக இருந்தது பேச்சு இல்லை, மௌனம். 38,000 என்று அவள் சொன்னதும் நாங்கள் ஒன்றும் பேசாமல் கல்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தோம். மூன்று விநாடி தாங்கவில்லை. "பரவால்ல முதலாளி, கஷ்டம்னா பொறகு பாப்போம்" என்று தானே கீழே இறங்கிவிட்டாள். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை, "முப்பத்தஞ்சுன்னாலும்" என்று ஒளித்து வைக்கச் சொன்ன இலக்கத்தையே எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் தன் தஸ்பீஹ் மணியைக் காட்டி, "இலக்கத்தச் சொன்ன பொறகு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அவர் கணக்குப் பாக்கிறார். பாக்க விடுங்க" என்றார். ஆறாவது தடவைதான் அவளால் பத்து வரை எண்ண முடிந்தது.

போகும்முன் அவள் ஒரு கேள்வி கேட்டாள். "கேட்டதுக்கே நிப்பாட்டிட்டா?" டீச்சர் அதை மூடி மறைக்கவில்லை. 1971 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊழியரின் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல், ஒழுக்காற்றுத் தண்டனையாக அன்றி, ஒருவரை வேலையிலிருந்து நிறுத்த முடியாது. ஆனால் 15 பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடத்துக்கு அது பொருந்தாது. இந்தக் கடையில் ஐந்து பேர். அதனால் வேறு இடத்தில் வேலை கையில் இல்லாமல் "போயிருவேன்" என்ற சொல்லை எடுக்கவே வேண்டாம் என்றார். மரியாதையாகக் கேட்பதற்கும் மிரட்டுவதற்கும் நடுவில் இருக்கிற கோடு அதுதான்.

கூலியைப் பற்றி வாய்விட்டுப் பேசுவது வெட்கம் என்று நினைக்கிறவர்கள் எங்கள் சமூகத்திலும் உண்டு. மூஸா நபி மத்யனில் வேலைக்குச் சேர்ந்த கதை குர்ஆனில் இருக்கிறது. அவரை வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி வாப்பாவிடம் பேசியது ஒரு பெண். எட்டு வருடம், அவர் விரும்பினால் பத்து வருடம் என்பதும் முதலிலேயே பேசப்பட்டது. டீச்சர் அதைச் சொன்னபோது, "எங்க கோயில் கதையிலயும் தேடிப் பாக்கணும்" என்றாள் பிள்ளை.

சம்பள நாளிலோ சனம் நிற்கிற நேரத்திலோ கேட்க வேண்டாம், மாத நடுவில் கணக்கு ஒப்படைக்கிற நேரம் நல்லது என்று முடிவு செய்திருந்தோம். நோன்பு தொடங்குவதற்கு முந்தின வாரம் ஒரு மாலை, கடை அடைக்கும் நேரம் அவள் பேசினாள். அன்றிரவு போன் எடுத்தாள். முதலாளி முதலில் கேட்டது, "யார் சொல்லிக் குடுத்தா?" அதற்கு நாங்கள் பழக்கவில்லை. அவள், "யாரு சொல்லிக் குடுத்தாலும் கணக்கு சரியான்னு பாருங்க முதலாளி" என்று கொப்பியைத் திறந்து வைத்திருக்கிறாள். அவர் பார்த்திருக்கிறார். அவள் எண்ணியிருக்கிறாள். பதினேழு வரை போனதாம். பிறகு அலவன்சாக 4,000 என்றார். அடிப்படையில் சேர்க்கச் சொன்னாள். கடைசியில் ஏப்ரல் சம்பளத்திலிருந்து அடிப்படை 35,000, மீதி 3,000 ஐப் பற்றி ஓகஸ்டில் பேசுவோம் என்று முடிந்தது.

கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. வேறு முதலாளியாக இருந்தால் ஒன்றும் கிடைக்காமலும் போயிருக்கலாம். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் கேட்ட திகதியையும் சொன்ன பதிலையும் எழுதி வைக்கும்படி டீச்சர் சொல்லியிருந்தார். அடுத்த பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும் என்பதால்.

ஏப்ரல் சம்பளச் சிட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அடிப்படை 35,000, சேமலாப நிதி 2,800, கையில் 32,200. சிட்டையை முதலில் அம்மாவிடம்தான் காட்டினாளாம். அம்மா இலக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்த 2,800 எதுக்குக் கழிச்சாங்க?" என்று கேட்டிருக்கிறார். அது கழிவில்லை, நம் பெயரில்தான் சேர்கிறது, முதலாளியும் அதற்கு மேல் 4,200 போடுகிறார் என்று அவள் விளக்கியிருக்கிறாள். அம்மா விடவில்லை. போட்டாரா என்று எப்படித் தெரியும் என்று கேட்டாராம்.

அந்தக் கேள்வி சரியானது. அவளுடைய சேமலாப நிதி மீதியைப் பார்ப்பதற்கு அடுத்த போயாவில் டீச்சர் வீட்டில் உட்காருகிறோம்.